பாறை விளிம்பில் கியூ-லேர்னிங்: கேள்வி பதில்

மாணவி: கியூ-லேர்னிங் ஓட்டுகிறேன். 4க்கு 12 கட்டம், கீழ் வரிசையில் இடது மூலை தொடக்கம், வலது மூலை இலக்கு, இடையில் பள்ளம். அடிக்கு −1, பள்ளத்தில் விழுந்தால் −100, எப்சிலான் 0.1. 500 சுற்று ஓடியும் சராசரி −50ஐ ஒட்டியே நிற்கிறது. −13 வர வேண்டாமா ஐயா? நிரலில் பிழையா?

நிரல் சரிதான் அம்மா. மேலே ஓரடி, வலப்பக்கம் 11, கீழே ஓரடி: அதுதான் −13, விளிம்பை உரசிப் போகும் வழி. எப்சிலான் 0.1 என்று, பத்தில் ஓரடியைக் குருட்டாம்போக்கில் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படி வைக்கும் அடி நான்கில் ஒரு முறை பள்ளத்தை நோக்கியது. ஆக, 40 அடிக்கு ஒரு ஆபத்து. தொடக்கக் கட்டத்தையும் சேர்த்து விழக்கூடிய கட்டங்கள் 11. நான்கு முயற்சிக்கு ஒன்று பள்ளத்தில் முடியும். விழுந்தால் முதலிலிருந்து நடக்கவும் வேண்டும். −50 அங்கிருந்துதான் வருகிறது.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு செயலுக்கும் கற்ற மதிப்பை வைக்கும் Q அட்டவணையில் இந்த வீழ்ச்சி ஏன் தெரிவதில்லை? இந்த வரியைப் பாருங்கள்:

```
Q[s,a] += alpha*(r + gamma*Q[s2].max() - Q[s,a])
```

அடுத்த அடி மிகச் சிறந்ததாகவே இருக்கும் என்று `max` நம்புகிறது. கற்கும்போது வரும் மதிப்பெண்ணை வைத்துக் கற்றதை எடைபோடாதீர்கள். எப்சிலானைச் சுழியாக்கி ஒருமுறை ஓடவிடுங்கள், −13 வரும்.

இன்னொருவர்: தண்டனையை −10 ஆக்கினேன், வரைபடம் ஏறிவிட்டது. பயம் குறைந்தால் நன்றாகக் கற்கிறது!

ஏறியது உண்மை, காரணம் அதுவல்ல. ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் 90 குறைவாகக் கழிகிறது, அவ்வளவே. கற்ற வழி அதே 13 அடி.

வேறொருவர்: என்னுடையது 5க்கு 5. இலக்குக்கு +1, மற்ற அடிகளுக்கு 0. மேல் சுவரிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது.

எல்லா மதிப்பும் 0 என்றால் `np.argmax` முதல் செயலையே எடுக்கும். உங்கள் பட்டியலில் அது 'மேலே'யாக இருக்கும். சமமானவற்றில் ஒன்றைக் குலுக்கி எடுங்கள். அடிக்குச் சிறு அபராதம் வைத்தாலும் போதும். முட்டிய செயலின் மதிப்பு இறங்கி, மற்றவை முன்னே வரும்.

புதியவர்: எனக்கும் −50தான். ஆல்ஃபாவை மாற்றட்டுமா?

முதல் பதிலைப் படியுங்கள். எப்சிலான் சுழி.

தொழிற்கூடப் பொறியாளர்: நான் நிஜ வண்டி ஓட்டுகிறேன். விழுந்தால் வண்டியே போச்சு. சார்சா என்ற கற்கும் முறைதான் சரி, விளிம்பு வழியைச் 'சிறந்தது' என்பது ஏமாற்று.

பாதி ஒப்புக்கொள்கிறேன். சார்சா `max` இருக்கும் இடத்தில் உண்மையில் எடுத்த அடுத்த செயலை வைக்கிறது. அதனால் தன் தடுமாற்றமும் கணக்கில் வந்து, மேல் வரிசை வழியாக 17 அடி சுற்றிப் போகும். ஆனால் எப்சிலானை மெல்லச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். சார்சாவும் விளிம்புக்கே வந்துசேரும். இன்னொன்று: தரையே வழுக்கினால் கியூ-லேர்னிங்கும் விலகி நடக்கும், ஏனென்றால் அந்த வழுக்கல் `s2`இலேயே வந்துவிடுகிறது. ஏமாற்று என்ற சொல்லை ஏற்க மாட்டேன்.

அதே பொறியாளர்: கற்கும் காலத்தில் உடையும் வண்டிக்கு யார் பொறுப்பு?

அதற்கு இரண்டிலும் விடை இல்லை. சார்சாவும் சில முறை விழுந்த பிறகே பள்ளத்தை அறிகிறது.

மற்றொருவர்: 1000 சுற்று ஓட்டினால் −13 வருமா?

எப்சிலான் 0.1 இருக்கும்வரை வராது.