சிங்கிங் ஃபண்ட்: கடைசி வருசப் பதிவு

“டிபெஞ்சர் சிங்கிங் ஃபண்டில ஒவ்வொரு வருசமும் என்ன பதிவு, கடைசி வருசமும் முதலீடு வாங்கோணுமோ?”

வாங்கக்கூடாது தம்பி, அந்தக் காசுதானே டிபெஞ்சர்க் கடனைத் திருப்பிக் குடுக்கத் தேவை. டிபெஞ்சர் 331,000, 3 வருசம், முதலீட்டு வட்டி 10% எண்டு வைப்பம், வருசத்துக்கு 100,000 ஒதுக்கினாச் சரியா வரும்.

முதல் வருசம் இலாப நட்டப் பகிர்வு வரவு, ஃபண்ட் செலவு 100,000. பிறகு முதலீடு வரவு, வங்கி செலவு அதே தொகை. ரெண்டாம் வருசம் வட்டி 10,000 வரும், வங்கி வரவு, ஃபண்ட் செலவு, திரும்ப 100,000 ஒதுக்கி 110,000க்கு முதலீடு. ட்யூஷன்ல பெடியள் இந்த வட்டியைத்தான் சேர்க்க மறக்கிறவை.

மூண்டாம் வருசம் வட்டி 21,000, ஒதுக்கு 100,000, முதலீடு இல்லை. கையில கிடக்கிற 210,000 முதலீட்டை வித்து 208,000தான் வந்தா, நட்டம் 2,000 ஃபண்ட் வரவு, முதலீடு செலவு. டிபெஞ்சர் வரவு, வங்கி செலவு 331,000. ஃபண்டில மிஞ்சிற 329,000 பொது ஒதுக்கத்துக்குப் போகும்.