நாலு ரவுண்டு வந்தவருக்கு "இல்லை" என்று எழுதுவது: கேள்வி பதில்

பெங்களூரில் பதினெட்டு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். முதல் பத்து வருடம் பெரிய கம்பெனிகளில், அதன்பின் சின்ன நிறுவனங்களுக்கு வெளியிலிருந்து. வந்த கேள்விகளில் முதலாவதுக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்தே கிளைப்பவை.

எச்.எஸ்.ஆர். லேஅவுட், நாற்பது பேர் கொண்ட மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்: மேடம், பேக்எண்ட் வேலைக்கு ஒருவர் நாலு ரவுண்டு இன்டர்வியூ முடித்தார். கடைசி ரவுண்டுக்குக் கோவையிலிருந்து நேரில் வந்தார். வேறொருவரை எடுத்துவிட்டோம். நான் எழுதிய கடிதத்தைக் கீழே கொடுத்திருக்கிறேன், சரியா என்று பாருங்கள். "எங்கள் நிறுவனத்தின் மீது நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு மிக்க நன்றி. உங்கள் திறமை எங்களை மிகவும் கவர்ந்தது. ஏராளமான தகுதி வாய்ந்தவர்கள் விண்ணப்பித்ததால் முடிவெடுப்பது கடினமாக இருந்தது. வருத்தத்துடன், இம்முறை உங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை. உங்கள் விவரங்களைப் பாதுகாத்து வைத்து, பொருத்தமான வாய்ப்பு வரும்போது அழைப்போம்."

மரியாதையாகத்தான் இருக்கிறது சார். ஆனால் அவர் இதைப் படிக்கப்போகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது போன் திரையில் மெயில் வந்து விழும். தெரிவது ஒன்றரை வரிதான்: "மிக்க நன்றி, உங்கள் திறமை எங்களை மிகவும்..." வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பார். வெளியே வந்து திறந்து பார்த்தால் நாலாவது வரியில் "இயலவில்லை". அந்த நாலு நொடி மகிழ்ச்சியை நீங்கள் கொடுத்திருக்கவே வேண்டாம். முடிவு முதல் வரியிலேயே இருக்கட்டும். நன்றியெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்து, "ஏராளமானவர்கள்". உங்களிடம் போனில் கேட்டேன், கடைசி ரவுண்டில் இருந்தது இரண்டே பேர் என்றீர்கள். நூறு பேர் விண்ணப்பித்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இவர் தோற்றது அந்த நூறு பேரிடம் இல்லை, ஒருவரிடம். அதைச் சொன்னால் அவருக்கு வருத்தம் அதிகமாகாது, தான் எங்கே நின்றோம் என்பது தெரியும்.

காரணம் கேட்டபோது "கம்யூனிகேஷன் கொஞ்சம் குறைவு" என்று ஆரம்பித்தீர்கள். நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: அந்தக் குறை இல்லாதிருந்தால் இவரை எடுத்திருப்பீர்களா? யோசித்துவிட்டு இல்லை என்றீர்கள். அப்படியானால் அது காரணமே இல்லை. மற்றவர் பணப் பரிமாற்றக் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்க்கும் சிஸ்டத்தை இரண்டு வருடம் நேரடியாக நடத்தியவர், உங்களுக்கு இப்போது தீப்பிடித்திருப்பது அங்கேதான். அதுதான் காரணம். ஒரே வரியில் எழுதிவிடலாம், அவர் மனிதராக எப்படி என்ற தீர்ப்பு அதில் துளியும் இல்லை. வேலைக்கு என்ன தேவைப்பட்டது என்பது மட்டும் இருக்கிறது.

பாராட்டும் அப்படித்தான். "மிகவும் கவர்ந்தது" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். நீங்கள் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னீர்கள்: அசைன்மென்ட்டில் நெட்வொர்க் அறுந்து மறுபடி முயன்றால் ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகும் என்பதை இவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார் என்று. அதை எழுதுங்கள். வேறு பாராட்டு தேவையில்லை.

கடைசியாக, "விவரங்களைப் பாதுகாத்து வைப்போம்". வைத்து யாரையாவது கூப்பிட்டிருக்கிறீர்களா? சிரித்தீர்கள். எடுத்துவிடுங்கள்.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள், இருந்தாலும் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். மெயிலின் தலைப்பு "பேக்எண்ட் வேலை: எங்கள் முடிவு".

"வணக்கம். பேக்எண்ட் பொறியாளர் வேலைக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், உங்களை எடுக்க முடியவில்லை. கடைசி ரவுண்டில் நீங்கள் இருவர் இருந்தீர்கள். பணப் பரிமாற்றக் கணக்கை ஒத்துப்பார்க்கும் சிஸ்டத்தை நேரடியாக நடத்திய அனுபவம் மற்றவருக்கு இருந்தது, எங்களுக்கு உடனடித் தேவை அதுதான். ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகும் பிழையை அசைன்மென்ட்டில் நீங்கள் மட்டும்தான் கவனித்தீர்கள். நாலு ரவுண்டுக்கு நேரம் ஒதுக்கி, கடைசியாகக் கோவையிலிருந்து வந்ததற்கு நன்றி. பயணச் செலவு இந்த வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கணக்கில் வந்துவிடும். கேட்க ஏதாவது இருந்தால் இந்த எண்ணில் என்னை அழையுங்கள்."

ஏழே வரி. பயணச் செலவை மறந்திருந்தீர்கள் பாருங்கள். தருவதாகச் சொல்லி வரவழைத்துவிட்டு, வேலை இல்லை என்றதும் அந்தப் பில்லை அக்கவுண்ட்ஸில் தூங்கவிடுவதை நிறைய பார்த்திருக்கிறேன். கடிதம் எவ்வளவு நயமாக இருந்தாலும் அவர் ஞாபகம் வைத்திருப்பது வராத அந்த ஆயிரத்து ஐந்நூறைத்தான்.

ஒயிட்ஃபீல்டு, ஹெச்.ஆர். பிரிவில் இருப்பவர்: காரணமே எழுதக்கூடாது, எழுதினால் கேஸ் போடுவார்கள் என்று எங்கள் சட்டப் பிரிவு சொல்கிறதே?

பாதி சரி. தனியார் நிறுவனம் காரணம் சொல்லியே ஆகவேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. அதனால் எழுதாமல் விடலாம். ஆனால் சிக்கல் வருவது கடிதத்தால் என்று நினைப்பது தவறு, முடிவால்தான் வரும். வேலைக்கு எடுப்பதில் பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது 1976-ம் ஆண்டு சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. "கல்யாணம் ஆகப்போகிறது, வேலையை விட்டுவிடுவார்" என்று பேசி ஒருவரை ஒதுக்கிவிட்டு, கடிதத்தில் எதுவும் எழுதாததால் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. எழுதத் தயங்கும் காரணம் வந்தால் மெயிலை மூடிவிட்டு முடிவை மறுபடி பாருங்கள்.

வேலை சம்பந்தப்பட்ட காரணம் ஒன்றை எழுதியதால் கேஸ் வந்ததை நான் பார்த்ததில்லை. உங்கள் சட்டப் பிரிவு ஒத்துக்கொள்ளாவிட்டால் கடிதத்தை நாலு வரியோடு நிறுத்தி, காரணத்தைப் போனில் சொல்லுங்கள். பொய்க் காரணம் மட்டும் வேண்டாம். "அந்த வேலையே ரத்தாகிவிட்டது" என்று எழுதிவிட்டு, பத்து நாளில் அதே வேலைக்கு லிங்க்ட்இன்னில் விளம்பரம் போட்ட இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், பதில் எழுத வேண்டியவள் நான்.

எலெக்ட்ரானிக் சிட்டி, வேலை தேடுபவர்: அக்கா, எனக்கும் இப்படி ஒரு மெயில் வந்தது, விவரங்களை வைத்திருப்போம் என்று. அஞ்சு ரவுண்டு போனேன். எத்தனை மாதத்தில் கூப்பிடுவார்கள்?

தம்பி, இங்கே கேட்பதெல்லாம் அந்த மெயிலை எழுதுகிறவர்கள். இருந்தாலும் சொல்கிறேன்: காத்திருக்காதீர்கள். அந்த வரி மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் வார்ப்பு. யாரும் உங்களை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். மெயில் ஒரு மனிதரின் பெயரில் வந்திருந்தால் அவருக்கு இரண்டே வரி எழுதி, எந்த ஒரு விஷயத்தில் பின்தங்கினேன் என்று கேட்டுப் பாருங்கள். நோ-ரிப்ளை முகவரி என்றால் உங்களுக்கு ரவுண்டு எடுத்த மேனேஜரிடம் கேளுங்கள். சிலர் சொல்வார்கள்.

ஜெயநகர், ஓய்வு பெற்ற மேலாளர்: மெயில் எல்லாம் கோழைத்தனம் அம்மா. எங்கள் காலத்தில் கூப்பிட்டுப் பேசிவிடுவோம். போன்தான் சரி.

மூன்று ரவுண்டுக்கு மேல் வந்தவர் என்றால் உங்கள் கட்சிதான் நான் சார், ஒரு திருத்தத்தோடு. பகலில் கூப்பிட்டால் அவர் இப்போதைய ஆபீஸில், பக்கத்தில் டீம் லீட் உட்கார்ந்திருக்க, "ஆமா, சரி, பரவாயில்லை" என்று மெல்லச் சொல்லவேண்டியிருக்கும். ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், இரண்டு நிமிடம் போதும், உடனே மெயிலும் அனுப்புங்கள். போனில் கேட்டது பாதி மனதில் நிற்காது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். போனில் நமக்கே தர்மசங்கடமாகி, "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்று வாயில் வந்துவிடும். மெயிலில் கை அப்படி எழுதாது.

மாரத்தஹள்ளி, டீம் மேனேஜர்: நாங்கள் தேர்ந்தெடுத்தவருக்கு 90 நாள் நோட்டீஸ் பீரியட். ஆஃபரை ஒத்துக்கொண்டார், ஆனால் சேரும்வரை நம்ப முடியாது. இரண்டாவது ஆளுக்கு இப்போதே இல்லை என்று சொல்லிவிட்டால், முதல் ஆள் கவிழ்த்தால் என்ன செய்வது?

இந்த ஊரின் உண்மையான பிரச்சினை இதுதான். ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று மாதமும் வேறு இடத்தில் அதிகச் சம்பளம் கேட்கிறவர்கள் உண்டு. அதனால் இரண்டாவது ஆளை "ப்ராசஸ் நடக்கிறது" என்று தொங்கவிடுகிறார்கள்.

நான் செய்வது: முதல் ஆள் ஆஃபரில் கையெழுத்திட்ட மறுநாளே இரண்டாவது ஆளுக்கு உண்மையை எழுதுவேன். "வேறொருவர் ஆஃபரை ஏற்றுக்கொண்டார். அவர் சேராவிட்டால் முதலில் உங்களைத்தான் அழைக்க விரும்புகிறோம். அதற்காக நீங்கள் எதையும் நிறுத்தி வைக்க வேண்டாம்." அந்தக் கடைசி வரி கட்டாயம். இப்படி எழுதி, எழுபதாவது நாளில் கூப்பிட்டபோது வந்து சேர்ந்தவர் உண்டு. "ஸ்டெப்னி டயரா நான்?" என்று கேட்டுப் போனை வைத்தவரும் உண்டு. அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இதைவிட நல்ல வழி எனக்குப் பிடிபடவில்லை.

கோரமங்களா, ஸ்டார்ட்அப் ஹெச்.ஆர்.: எவ்வளவு நாளில் அனுப்பவேண்டும்? வெள்ளி மாலை அனுப்பலாமா?

முடிவான இரண்டு வேலை நாளுக்குள். வெள்ளி மாலை வேண்டாம், சந்தேகம் கேட்க உங்களைப் பிடிக்கத் திங்கள்வரை காத்திருக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்கள் கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் முடிவெடுத்தாயிற்றா இல்லையா என்பதைத் தெரிவிக்கவேண்டும் என்று 2026 ஜனவரியிலிருந்து விதி. நமக்கு அப்படி எதுவும் இல்லை.

மென்பொருள் தானாக அனுப்பும் மெயிலையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில், ஆள் கிடைத்துவிட்டது என்று அந்த வேலையை சிஸ்டத்தில் மூடினேன். பட்டியலில் மிச்சமிருந்த எல்லோருக்கும் மறுப்பு போய்விட்டது. அவர்களில் ஒருவர் அந்த நேரம் எங்கள் ரிசப்ஷனில் கடைசி ரவுண்டுக்காக உட்கார்ந்திருந்தார்.

பொம்மசந்திரா, தொழிற்சாலை சூப்பர்வைசர்: எங்களிடம் வருகிறவர்கள் மெயில் பார்ப்பதில்லை அக்கா. ஓசூரிலிருந்து சி.என்.சி. மெஷினுக்கு ஒருத்தர் மூணு தடவை வந்து ஓட்டிக் காட்டினார். சைஸ் அளவில் பிசிறு இருந்தது, எடுக்கவில்லை. என்ன அனுப்ப?

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு, தமிழில், அரை நிமிடம். "அண்ணே, வேற ஒருத்தரை எடுத்துட்டோம். நீங்க ஓட்டின மூணு பீஸ்ல ரெண்டு அளவுக்கு வெளியே போயிருச்சு, ஆஃப்செட் மாத்தினப்புறம் மறுபடி அளக்காம விட்டுட்டீங்க. வந்து போன மூணு நாளைக்கும் பஸ் காசு ஜிபேல அனுப்பியிருக்கேன்." பணத்தை அனுப்பிவிட்டு அப்புறம் பேசுங்கள்.