ஜெர்மனிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாமா?

"குடியாத்தம். பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க வேலூர் முகவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

வேண்டாம் தம்பி. முதலில், உங்கள் பட்டமும் மதிப்பெண்களும் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், கட்டணம் 18,000 ரூபாய். அது வர வாரக்கணக்கில் ஆகலாம், அது இல்லாமல் விசா நகராது. பல அரசுப் பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன: முதலாவதற்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. ஐந்து இடங்களுக்கு 195 யூரோதான். மற்றவை தங்கள் சொந்தத் தளத்திலேயே வாங்கும்.

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முகவர் தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினார். மதிப்பெண் பட்டியலில் ஒரு பக்கம் இல்லை என்று வந்த கடிதம் அவர் பெட்டியிலேயே கிடந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாளான ஜூலை 15 கடந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கணக்கும் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். "சேவை இலவசம்" என்பவரிடமும் கவனம்; கமிஷன் தரும் தனியார் கல்லூரிப் பக்கமே தள்ளுவார்.

பணம் கொடுத்து உதவி பெற வேண்டிய இடம் வேறு. சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால், நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் போதும்; சில நூறு ரூபாய்தான். விசா மறுக்கப்பட்டால் மட்டும் ஜெர்மன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். 2025 ஜூலை முதல் தூதரகத்திடமே மேல்முறையிடும் வழி எடுக்கப்பட்டுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நீதிமன்றம் போக வேண்டும்.