அரிதான பாசிட்டிவ், பிரசிஷன்–ரீகால் வளைவு: கேள்வி பதில்

காகிளில் இருக்கும் கிரெடிட் கார்டு மோசடித் தரவில் பழகுகிறேன். ஆர்ஓசி ஏயூசி 0.97. ஆனால் மாடல் மோசடி என்று காட்டும் பத்தில் ஒன்பது தப்பு. எங்கே கோளாறு?

கோளாறே இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் ஒரே மாடலில் சேர்ந்து வரக்கூடியவைதான்.

அந்தத் தரவில் 2,84,807 பரிவர்த்தனைகள், மோசடி வெறும் 492. கணக்கு எளிதாக இருக்க முழுவதையும் டெஸ்ட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு த்ரெஷோல்டில் மாடல் 394 மோசடிகளைப் பிடிக்கிறது, அதாவது ரீகால் 80%. நல்ல பரிவர்த்தனைகளில் 1% மட்டும் தவறாக மாட்டுகிறது. ஆர்ஓசி படம் தவறாக மாட்டும் வீதத்தைக் கிடையிலும் ரீகாலை நெடுக்கிலும் போடுகிறது; அதில் இந்தப் புள்ளி இடது ஓரத்தை ஒட்டி உயரத்தில் நிற்கும், பார்க்கவே நன்றாக இருக்கும். ஆனால் நல்லவை 2,84,315 இருக்கின்றன. அதில் 1% என்றால் 2,843. ஆக உங்கள் கைக்கு வரும் எச்சரிக்கைகள் 3,237, அதில் உண்மை 394. பிரசிஷன் 12%. நீங்கள் சொன்ன பத்தில் ஒன்பது இதுதான்.

இப்போது இன்னொரு மாடல் அதே 394-ஐப் பிடித்து, 0.1% நல்லவற்றை மட்டும் தவறாக மாட்டுகிறது என்று வைப்போம். தவறானவை 284, பிரசிஷன் 58%. எச்சரிக்கைகளை உட்கார்ந்து சரிபார்க்கிறவருக்கு இது வேறு உலகம். ஆர்ஓசி படம் 1,000 பிக்சல் அகலம் என்றால் புள்ளி நகர்வது 9 பிக்சல்! பிரசிஷன்–ரீகால் படத்தில் அதே மாற்றம் 12-லிருந்து 58-க்குத் தாவுகிறது.

எதை எதால் வகுக்கிறோம் என்பதுதான் விஷயம். ஆர்ஓசி தவறான எச்சரிக்கைகளை நெகட்டிவ், அதாவது நல்லவற்றின் கடலால் வகுக்கிறது. கடல் பெரிதாக இருந்தால் எதுவும் கரைந்துவிடும். பிரசிஷன் கையில் இருக்கும் எச்சரிக்கைக் குவியலால் வகுக்கிறது.

பிரசிஷன் 12% என்றால் 88% மோசடி தப்பிவிடுகிறது என்றுதானே அர்த்தம்? இதை வைத்து என்ன செய்வது?

இல்லை, குழப்பிக்கொள்கிறீர்கள். தப்பியது 98 மோசடிகள், அதாவது 20%. அது ரீகாலின் கணக்கு. 88% என்பது வீணாகச் சரிபார்க்க வேண்டியவற்றின் பங்கு.

அப்படியானால் ஆர்ஓசி பொய் சொல்கிறது. சமமில்லாத தரவில் அதைத் தொடவே கூடாது, சரியா?

முதல் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு வளைவும் ஒரே எண்ணிக்கைகளிலிருந்துதான் வருகின்றன. ஒரே தரவில் ஒரு மாடலின் ஆர்ஓசி வளைவு எல்லா இடத்திலும் மற்றதற்கு மேலே இருந்தால், பிரசிஷன்–ரீகாலிலும் அதுவேதான் மேலே இருக்கும். டேவிஸ், கோட்ரிச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006-லேயே இதை நிரூபித்துவிட்டார்கள். வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும்போதுதான் சிக்கல்: ஒரு பரப்பளவு இதைத் தேர்ந்தெடுக்கும், இன்னொரு பரப்பளவு அதைத் தேர்ந்தெடுக்கும்.

ஆர்ஓசி ஏயூசி கேட்கும் கேள்வியே வேறு. ஒரு மோசடியையும் ஒரு நல்லதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் மோசடிக்கு அதிக ஸ்கோர் கிடைக்குமா? 0.97 என்பது 97% முறை கிடைக்கும் என்ற பதில். உண்மையான பதில்தான். ஆனால் அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: சராசரியாக ஒவ்வொரு மோசடிக்கும் மேலே 3% நல்லவை, அதாவது சுமார் 8,500 பரிவர்த்தனைகள் வரிசையில் நிற்கின்றன. இப்படிச் சொன்னால் யாரும் 0.97-ஐப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

எனக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. நெகட்டிவ்களையும் 492 ஆகக் குறைத்துவிட்டேன். இப்போது வளைவு மேல் விளிம்போடு ஒட்டி நிற்கிறது.

டெஸ்டிலும் குறைத்துவிட்டீர்கள், அப்படித்தானே? பயிற்சித் தரவில் குறைப்பது உங்கள் விருப்பம். டெஸ்டில் குறைத்தால் வளைவு வேறு உலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். மேலே சொன்ன முதல் மாடலையே எடுங்கள்: 492-இல் 1% என்றால் 5 தவறுகள். 394 உண்மை, 5 தவறு, பிரசிஷன் 99%. மாடலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. 12 எப்படி 99 ஆனது என்று யோசியுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அடிப்படைக் கோடு. குருட்டாம்போக்கில் ஸ்கோர் கொடுக்கும் மாடலின் பிரசிஷன், பாசிட்டிவ்களின் பங்குக்குச் சமம். இந்தத் தரவில் அது 0.0017, உங்கள் டெஸ்டில் 0.5. படத்தில் அந்தக் கோட்டை எப்போதும் வரைந்துவிடுங்கள். நானே ஒரு முறை பங்கு வேறுபட்ட இரண்டு மாதத் தரவுகளின் பரப்பளவுகளை அப்படியே ஒப்பிட்டு, மாடல் தேய்ந்துவிட்டது என்று அறிக்கை எழுதி அசடு வழிந்திருக்கிறேன். மாறியது மோசடியின் பங்கு, மாடல் அல்ல.

குறைத்த டெஸ்ட்தான் கையில் இருக்கிறது என்றால், நெகட்டிவ்களைச் சும்மா சீட்டுக் குலுக்கி எடுத்திருக்கும்வரை, பாசிட்டிவ்களின் உண்மையான பங்கை `p` என்றும், ரீகாலை `TPR` என்றும், நல்லவை தவறாக மாட்டும் வீதத்தை `FPR` என்றும் போட்டு பிரசிஷனைத் திரும்பக் கணக்கிடலாம்:

```
precision = TPR*p / (TPR*p + FPR*(1-p))
```

ஆனால் 492 நெகட்டிவ்களை வைத்து 0.1% தவறு வீதத்தை அளக்க முடியாது. அரைத் தவறு என்று ஒன்று கிடையாது, பாருங்கள்.

ஒரே மாடல், ஒரே டெஸ்ட். `auc(recall, precision)` 0.69 தருகிறது, `average_precision_score` 0.47 தருகிறது. எதை நம்புவது?

இரண்டாவதை. ஆனால் இவ்வளவு இடைவெளி இருந்தால் எனக்கு வேறு சந்தேகம்: ஸ்கோருக்குப் பதில் `predict()` தரும் 0, 1-ஐக் கொடுத்திருப்பீர்கள். படத்தைப் பாருங்கள், இரண்டே நேர்கோடுகளும் நடுவில் ஒரு முனையும் இருந்தால் அதுதான். முனை ரீகால் 0.8, பிரசிஷன் 0.58-இல் இருந்தால் உங்கள் இரண்டு எண்களும் அப்படியே வரும்.

`auc` புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு போடுகிறது. ஆர்ஓசியில் அது சரி. இங்கே சரியில்லை, இடையில் பிரசிஷன் நேர்கோட்டில் நகராது, அதனால் பரப்பளவு ஊதிப்போகிறது. மற்றது படிக்கட்டாகக் கூட்டுகிறது.

```python
score = model.predict_proba(X_test)[:, 1]
ap = average_precision_score(y_test, score)
```

எங்கள் வேலை பழுதான பாகங்களைக் கண்டுபிடிப்பது. டெஸ்டில் பழுது ஆறுதான். வளைவு ரம்பப்பல் மாதிரி இருக்கிறது. வழவழப்பாக்கலாமா?

வேண்டாம். அந்தப் பல்தான் உண்மை. ஆறு இருந்தால் ஒவ்வொன்றும் ரீகாலில் 17%. வரிசையின் உச்சியில் ஒரே ஒரு நல்ல பாகம் தற்செயலாக வந்து உட்கார்ந்தால் பிரசிஷன் சுழியத்தில் தொடங்கும். பூட்ஸ்ட்ராப் செய்து பார்த்தால் பட்டை பக்கம் முழுக்க விரியும், அது வேண்டுமானால் பதிலாகட்டும். நானாக இருந்தால் பரப்பளவைச் சொல்லாமல், ஆறு பழுதும் வரிசையில் எத்தனையாவது இடத்தில் வந்தன என்று எழுதி வைப்பேன். ஆறு எண்கள், ஒரு வரியில் முடிந்துவிடும்.

குறுக்கிடுகிறேன். நோய் இருக்கலாமா என்று முதலில் வடிகட்டிப் பார்க்கும் சோதனைகளில் வேலை செய்கிறேன். ஆவரேஜ் பிரசிஷன் வரிசையின் உச்சிக்கே அதிக எடை தருகிறது. எங்களுக்குக் கடைசியில் கிடக்கும் நோயாளியும் முக்கியம். அரிது என்றாலே இந்த வளைவு என்பது சரியா?

நியாயமான குறுக்கீடு. உச்சியில் இரண்டு இடம் மாறினால் அந்த எண் துள்ளும். ஆயிரமாவது இடத்துக்குக் கீழே மாறினால் அசைய யோசிக்கும். மோசடி வேலையில் எனக்கு அது வசதி, ஒரு நாளைக்குச் சரிபார்க்க முடிவது இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கிறது. உங்களுக்கு அந்த வரம்பு இல்லை. ரீகால் 95%-ஐ நிலையாக வைத்து அங்கே பிரசிஷன் என்ன என்று மட்டும் பார்க்கலாம், பரப்பளவை விட்டுவிடலாம். ஆனால் 95 என்று யார் முடிவு செய்வது? தவறவிட்ட ஒரு நோயாளிக்கு எத்தனை வீண் சோதனைகள் சமம் என்பதை வளைவிலிருந்து எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. உங்கள் இடத்தில் அதை எப்படி முடிவு செய்கிறீர்கள்?