காபித்தூள் விலை ஏறியும் சர்க்கரை வாங்குவது ஏன் குறையவில்லை?

ஒரு பொருளின் விலை மாறினால் இன்னொரு பொருளை வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்று பார்க்கும் குறுக்கு நெகிழ்ச்சிக் கணக்கிலேயே தடுமாறும் மகளைப் பொருளியல் பட்டப்படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் இதில் வகுத்தலில் தவறுவது குறைவு. எதன் விலையைக் கீழே போடுவது என்பதில்தான் குழம்புவார்கள். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை வைத்தே சோதித்துப் பாருங்கள்.

காபித்தூள் கிலோ 600 ரூபாயிலிருந்து 720 ஆனது என்று வையுங்கள். 20 சதவீத ஏற்றம். மாதம் 500 கிராம் டீத்தூள் வாங்கிய வீடு இப்போது 550 கிராம் வாங்குகிறது, அதாவது 10 சதவீதம் கூடுதல். மேலே டீத்தூள் அளவின் மாற்றம், கீழே காபித்தூள் விலையின் மாற்றம்: 10-ஐ 20-ஆல் வகுத்தால் +0.5. கூட்டல் குறி வந்தால் அவை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கும் பதிலீட்டுப் பண்டங்கள். டீத்தூளின் விலையைக் கீழே போட்டால் அது வேறு கணக்கு, டீத்தூளின் சொந்த விலை நெகிழ்ச்சி.

அடுத்து சர்க்கரை. காபியோடு சேர்ந்தே செலவாகும் நிரப்புப் பண்டம், ஆகவே கழித்தல் குறி வர வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வாள். சீட்டைப் பார்த்தால் முன்பும் 3 கிலோ, இப்போதும் 3 கிலோ. விடை பூஜ்யம்! காபியை விட்டவர்கள் டீக்கு மாறினார்கள், டீக்கும் அதே இரண்டு ஸ்பூன் சர்க்கரைதானே. மாலைக் காபியையே நிறுத்திய வீட்டில் 3 கிலோ 2.85 ஆகியிருக்கும், 5 சதவீதக் குறைவு, விடை −0.25. பூஜ்யத்தைப் பார்த்து இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எழுதுவது இங்கே வழக்கமான தவறு.

சர்க்கரை விலையே ஏறினால்? தமிழ்நாட்டில் 2017 நவம்பரில் ரேஷன் சர்க்கரை பெரும்பாலான அட்டைகளுக்குக் கிலோ 13.50 ரூபாயிலிருந்து 25 ரூபாய் ஆனது, சுமார் 85 சதவீத ஏற்றம். கோப்பைக்குப் பத்து கிராம் என்றால் கிலோவுக்கு நூறு கோப்பை. ஒரு கோப்பைக்குக் கூடியது 11.5 காசு. அதற்காக யாரும் டீயை விடமாட்டார்கள். நிரப்புப் பண்டமாக இருந்தும் சர்க்கரை விலைக்கு டீயின் குறுக்கு நெகிழ்ச்சி பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அதோடு ரேஷனில் அளவு உண்டு. மேற்கொண்டு வெளியே வாங்கும் வீட்டில் கடைசி கிலோவின் விலையைத் தீர்மானிப்பது அண்ணாச்சி கடைதான். கீழே போட வேண்டியதும் அந்த விலையே.

விலை மாறுவதற்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம், இரண்டு சீட்டையும் அவளிடம் கொடுங்கள். கோடை விடுமுறையில் உறவினர் தங்கிய மாதம் வேண்டாம். ஆள் கூடியதால் ஏறிய அளவை விலை மேல் போட்டுவிடுவாள். பூஜ்யம் வந்ததும் சூத்திரத்தைத் திரும்பப் புரட்டுகிறாளா, சமையலறையில் என்ன நடந்தது என்று கேட்கிறாளா, கவனியுங்கள். கேட்டால் தயங்காமல் பொருளியலில் சேர்க்கலாம்.