ஆடி முதல் பங்குனி வரை

அன்புள்ள அக்கா,
திருப்பாதிரிப்புலியூரில் அப்பா விட்டுப்போன யூனிஃபார்ம் கடையை மூன்று வருடமாக நடத்துகிறேன். மே, ஜூனில் சாப்பிடக்கூட நேரமிருக்காது. ஆடி பிறந்துவிட்டால் ஆள் வருவதில்லை. போன ஐப்பசியில் வாடகை கட்டத் தண்டல் வாங்கினேன். அலமாரி நிறையச் சரக்கு, கையில் காசில்லை. மீதி மாதங்களை எப்படி ஓட்டுவது?
– ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள தம்பி,

என் அம்மாவும் யூனிஃபார்ம் தைத்துத்தான் எங்களை வளர்த்தார். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த அலமாரிதான். உங்கள் லாபம் அதற்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 1,650 செட் தைத்தீர்கள், 1,500 விற்றது. துணி, பட்டன், தையல்கூலி எல்லாம் சேர்த்து செட்டுக்கு 640 ரூபாய், விற்றது 900. செட்டுக்கு 260 வீதம் 3,90,000 லாபம். ஜூலையில் நம் மனதில் நிற்பது இந்தத் தொகைதான், அதை நம்பித்தான் செலவு செய்கிறோம். ஆனால் விற்காத 150 செட்டில் 96,000 ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. கையில் வந்தது 2,94,000தான். கடை வாடகை 8,000, கட்டிங் மாஸ்டருக்கு 12,000, வீட்டுக்கு 12,000 என்றால் மாதம் 32,000. வருடத்துக்கு 3,84,000. துண்டு விழுவது 90,000. ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் பத்தாயிரம். நீங்கள் தேட வேண்டியது இந்தப் பத்தாயிரத்தை மட்டும்தான். இன்னொரு சீசனை அல்ல.

இந்தத் தொகை தெரியாமல் போகும்போதுதான் தண்டல்காரர் வாசலுக்கு வருகிறார். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் கொடுப்பார், தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய் வட்டி சின்னதாகத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், நூறு நாளும் சராசரியாக நம்மிடம் இருப்பது அதில் பாதிப் பணம்தான். வருடக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டும். எந்த யூனிஃபார்ம் லாபமும் அதைத் தாங்காது.

அலமாரிக்கு வருகிறேன். தேங்குவது பெரும்பாலும் ஓரத்து அளவுகள்: 22, 24 ஒரு பக்கம், 38, 40 மறுபக்கம். அவற்றைத் தைத்து அடுக்காதீர்கள், துணியாகவே வைத்திருங்கள். கேட்டு வருகிறவருக்கு இரண்டு நாளில் தைத்துக் கொடுக்கலாம். அம்மா இன்னொன்றும் செய்வார். பள்ளி முத்திரை போட்ட பாக்கெட்டை முன்கூட்டியே சட்டையில் வைத்துத் தைக்கமாட்டார், விற்கும்போதுதான் தைப்பார். அதனால் வெள்ளைச் சட்டை எந்தப் பள்ளிக்கும் போகும். கட்டம் போட்ட துணிக்கு அந்த வழியில்லை. ஒரு வருடம் ஒரு பள்ளி கட்டத்தின் நிறத்தை மாற்றியது. மே மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. தைத்து வைத்திருந்த அத்தனையும் தலையணை உறையாகிப் போனது. ஆகவே ஜனவரியில் பள்ளிக்கு நேரில் போய், பழைய மாதிரியே தொடர்கிறதா என்று எழுதி வாங்குங்கள். அதன் பிறகு நடு அளவுகளைத் தைக்கத் தொடங்கலாம். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பல ஏப்ரலிலேயே திறப்பதால் அவர்களுடையதை முதலில்.

இனி அந்தப் பத்தாயிரம். கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறவர்களுக்குக் கறுப்பு வேட்டி, சட்டை, இருமுடிப் பை வேண்டும். அது முடிவதற்குள் மேல்மருவத்தூர் போகிறவர்களுக்குச் சிவப்பு உடை. இரண்டுக்கும் உங்கள் மெஷினே போதும். ஆனால் புரட்டாசியிலேயே பூஜைக் கடைகளிடம் பேசி ஆர்டர் வாங்கிவிட வேண்டும், கார்த்திகை பிறந்தபின் போனால் வேறு யாரோ கொடுத்து முடித்திருப்பார்கள். துணியை அவர்களே கொடுக்கட்டும், நீங்கள் கூலிக்குத் தையுங்கள். சிப்காட் ஆலைகளுக்கு வேலையுடை தைப்பது பெரிய வேலைதான். ஆனால் பணம் இரண்டு மூன்று மாதம் இழுத்தால் நீங்கள் மறுபடி தண்டலில் நிற்பீர்கள். பாதி முன்பணம் கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

செலவைக் குறைக்கிறேன் என்று மாஸ்டரை நிறுத்திவிடாதீர்கள். திருப்பூர் போனவர் ஏப்ரலில் கூப்பிட்டால் வருவது நிச்சயமில்லை. புது ஆள் வெட்டினால் துணி சேதாரம் எவ்வளவு என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், சரக்கைத் தரையில் வைக்காதீர்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது நினைவிருக்கும். வெள்ளம் வராத வருடத்திலும் கடற்காற்றின் ஈரத்தில் வெள்ளைத் துணியில் பூஞ்சைப் புள்ளி விழும், அது வெளுத்தாலும் போகாது. பலகைமேல் அடுக்கி, மழை விட்ட நாட்களில் பிரித்துக் காற்றாட விடுங்கள்.

அந்த அலமாரியை இந்த வாரமே அளவு வாரியாக, பள்ளி வாரியாக எண்ணி எழுதுங்கள். அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எதைப் பிரிக்கலாம், எதை அடக்க விலைக்கே தள்ளலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா