மிச்சமான ஒரு லட்சம் உண்மையில் மிச்சம்தானா?

கேள்வி: எங்கள் உற்பத்திப் பிரிவில் போன மாதம் 10,000 உருப்படி செய்யத் திட்டம், 8,000தான் முடிந்தது. பட்ஜெட் 10,50,000. ஆன செலவு 9,46,000. 1,04,000 மிச்சம் என்று மேலாளரைப் பாராட்டுகிறார்கள். எனக்கு என்னவோ இடிக்கிறது. நெகிழ்வு பட்ஜெட் போட்டால் வேறு விடை வருமா? பிரிவுவாரிக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: வரும், நேர் எதிரான விடை. உங்கள் மேலாளர் 46,000 அதிகம் செலவழித்திருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய பட்ஜெட்டில் ஓர் உருப்படிக்கு மூலப்பொருள் 40, கூலி 25, மின்சாரம் போன்ற மாறும் செலவுகள் 10, ஆக 75. இவை போக வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம் என்று மாறாத செலவு 3,00,000. இதை 10,000 உருப்படிக்குப் போட்டுத்தான் 10,50,000 வந்தது. செய்யாத 2,000 உருப்படிக்கு மூலப்பொருள் வாங்க வேண்டியதில்லை, கூலியும் மற்ற மாறும் செலவும் இல்லை. அதனால் மட்டுமே 1,50,000 குறைந்திருக்க வேண்டும். குறைந்ததோ 1,04,000தான்.

நெகிழ்வு பட்ஜெட் என்பது அதே விகிதங்களை வைத்து, உண்மையில் வெளிவந்த 8,000 உருப்படிக்கு எவ்வளவு ஆகியிருக்கலாம் என்று மாத முடிவில் திரும்பப் போடும் கணக்கு. மூலப்பொருள் 3,20,000, கூலி 2,00,000, மற்ற மாறும் செலவு 80,000, மாறாத செலவு அதே 3,00,000. மொத்தம் 9,00,000. உண்மைச் செலவை இதன் பக்கத்தில் வைத்தால் மூலப்பொருளில் 24,000, கூலியில் 16,000, மற்ற மாறும் செலவில் 2,000, மாறாத செலவில் 4,000 கூடுதல். முதலில் 10,000 உருப்படிக்குப் போட்ட நிலையான பட்ஜெட்டோடு ஒப்பிட்டபோது மூலப்பொருளில் 56,000 மிச்சம் என்று தெரிந்ததே, அந்த வரியில்தான் விசாரணை தொடங்க வேண்டும். விலை ஏறியதா, சேதாரம் கூடியதா என்று பாருங்கள்.

இதே கோளாறு மறுபக்கமும் வேலை செய்யும். அடுத்த மாதம் 12,000 உருப்படி செய்து 11,80,000 செலவானால், நிலையான பட்ஜெட் 1,30,000 மீறல் என்று சொல்லும். ஆனால் 12,000க்கு அனுமதிக்க வேண்டியதே 12,00,000. அவர் 20,000 மிச்சம் பிடித்திருக்கிறார். கூடுதலாக உழைத்தவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும்! இரண்டு முறை அப்படி நடந்தால், பட்ஜெட் தொகை தீரும் நேரத்தில் உற்பத்தியை மெதுவாக்கக் கற்றுக்கொள்வார்கள்.

சரி, கணக்குப் போடும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. உற்பத்தி 80 சதவீதம் என்பதால் மொத்த பட்ஜெட்டையும் 80 சதவீதமாக்குவது ஒன்று. அப்படிச் செய்தால் 8,40,000 வரும். வாடகையும் உற்பத்தியோடு சேர்ந்து குறையும் என்று சொன்னதாகிவிடும். மின்கட்டணம், பராமரிப்பு போன்றவற்றில் மாறும் பகுதியும் மாறாத பகுதியும் கலந்திருக்கும். பல மாதக் கணக்கைப் பார்த்து அவற்றை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிப்பும் ஓர் எல்லைக்குள்தான் செல்லும். இரண்டாவது ஷிப்ட் தொடங்கினால் இன்னொரு மேற்பார்வையாளர் வேண்டும், ‘மாறாத’ செலவு ஒரே தாவாகத் தாவும்.

மற்றது நுணுக்கமானது, அனுபவசாலிகளும் தவறவிடுவது. பட்ஜெட்டை எதை வைத்து நெகிழ்த்துகிறீர்கள்? ஓர் உருப்படிக்கு அரை மணி, மணிக்குக் கூலி 50 என்பது உங்கள் அளவுகோல். 8,000 உருப்படிக்கு 4,000 மணி போதும். ஆனது 4,320 மணி. யாராவது அந்த 4,320 மணியை வைத்தே கூலி பட்ஜெட்டைத் திருத்தினால் 2,16,000 வரும். உண்மைச் செலவும் அதுவேதான். மாறுபாடு பூஜ்யம், வீணான 320 மணி கண்ணிலேயே படாது. எனவே வெளிவந்த நல்ல உருப்படிகளை வைத்து நெகிழ்த்துங்கள், உழைத்த மணிகளை வைத்து வேண்டாம்.

பழைய பட்ஜெட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பயிற்சி, விளம்பரம் மாதிரி உற்பத்தி அளவோடு ஒட்டாத செலவுகளுக்கு அதுவே பொருத்தம். அப்புறம், 2,000 உருப்படி குறைந்தது என்ற செய்தியை அதுதான் காட்டுகிறது. நெகிழ்வு பட்ஜெட் அதைச் சொல்லாது. அறிக்கையில் மூன்று நெடுவரிசைகள் வையுங்கள்: முதல் பட்ஜெட், நெகிழ்த்திய பட்ஜெட், உண்மை. முதல் இரண்டுக்கும் இடையிலான 1,50,000 உற்பத்தி குறைந்ததால் வந்தது. பின் இரண்டுக்கும் இடையிலான 46,000க்குத்தான் மேலாளர் பதில் சொல்ல வேண்டும். அதிலும் வாடகை ஏறியதால் வந்த தொகை இருந்தால், அதை அவர் தலையில் கட்டாதீர்கள்.

உற்பத்தி ஏன் குறைந்தது என்பது தனிக் கேள்வி. ஆர்டர் வராததா, இயந்திரம் நின்றதா என்று பார்த்த பிறகே அதற்குப் பதில் சொல்ல வேண்டியது விற்பனைப் பிரிவா, உற்பத்திப் பிரிவா என்று முடிவு செய்ய முடியும்.